சாம்பார் 49 டிகிரி

(உணவக உரிமையாளர்களும் மேலாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நீங்கள் கடை நடத்துகிறவர்கள். நான் சொல்லாமல் கொள்ளாமல் உங்கள் கடைக்கு வந்து, மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டுப் போய் மார்க் போடுகிறவன். என்னை மேடையில் ஏற்றி முகத்தைக் காட்டச் சொன்னதால் இந்த அரங்கில் இருப்பவர்களின் கடைகளுக்கு இனி நான் போக முடியாது. அந்த நஷ்டத்துக்கு ஈடாக இன்று கொஞ்சம் வெளிப்படையாகவே பேசிவிடுகிறேன்.

உங்களில் பலருக்கு மாதம் ஒரு முறை ஒரு தாள் வருகிறது. வரவேற்பு, வேகம், சுத்தம், உணவின் சூடு என்று நான்கு தலைப்பு. கீழே ஒரு கூட்டுத்தொகை. பெரும்பாலான முதலாளிகள் நேராகக் கீழே போய்விடுகிறார்கள். 85 என்றால் சந்தோஷம், 60 என்றால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சத்தம். நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர்கள் குறைவு. அந்த நடுப்பகுதியை எப்படிப் படிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. அதற்கு ஒரே ஒரு வருகையை எடுத்துக்கொள்கிறேன். ஊர், கடைப் பெயர் வேண்டாம். மார்க் தாள் மட்டும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. சைவ டிபன் கடை. கீழே பொது ஹால், மாடியில் ஏசி ஹால். நாங்கள் இருவர் ஏசி ஹாலில் உட்கார்ந்தோம். ஒரு பிளேட் இட்லி, ஒரு மசால் தோசை, பிறகு இரண்டு காபி. தாளில் வரவேற்புக்கு 15, வேகத்துக்கு 25, சுத்தத்துக்கு 35, சூட்டுக்கு 25, மொத்தம் 100.

வரவேற்பிலிருந்து தொடங்குவோம். பழைய தாள்களில் "சப்ளையரின் முகமலர்ச்சி: ஒன்று முதல் ஐந்து வரை" என்று இருக்கும். இதற்கு இரண்டு பேரை அனுப்பினால் ஒருவர் நாலு போடுவார், மற்றவர் இரண்டு போடுவார். இருவரும் பொய் சொல்லவில்லை, கேள்விதான் சரியில்லை. அதனால் இப்போது கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதை மட்டும் கேட்கிறோம். நுழைந்து ஒரு நிமிடத்துக்குள் யாராவது நிமிர்ந்து பார்த்து "வாங்க" என்றார்களா, அல்லது தலையாவது அசைத்தார்களா? எங்கே உட்காரலாம் என்று கைகாட்டினார்களா? பில் கொடுத்துக் கிளம்பும்போது கல்லாவில் இருப்பவர் நம் முகத்தைப் பார்த்தாரா, பணத்தை மட்டும் பார்த்தாரா? ஒவ்வொன்றுக்கும் 5. அந்தக் கடையில் முதலாவதும் மூன்றாவதும் ஆம். இடம் மட்டும் நாங்களே தேடினோம். ஆக 10.

மார்க்கில் சேராத ஒரு குறிப்பும் எழுதச் சொல்வேன்: ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்தால் சப்ளையர் யாரைப் பார்த்து ஆர்டர் கேட்கிறார்? அன்று "சாருக்கு என்ன?" என்று என்னைக் கேட்டார், "அவங்களுக்கு?" என்று மறுபடியும் என்னையே கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைவிடப் பதினைந்து வருடம் மூத்த தணிக்கையாளர். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

வரவேற்புக்கு ஏன் இவ்வளவு குறைந்த மார்க் என்று கேட்பீர்கள். அதன் பாதிப்பு பெரிது என்பதால்தான் அதைச் சிறிதாக வைத்திருக்கிறோம். 1920-ல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தார்ண்டைக் ஒரு கட்டுரை எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஒன்றில் கூடுதலாக வாங்கியவன் எல்லாவற்றிலும் கூடுதலாக வாங்கியிருந்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விஷயங்கள் இவ்வளவு ஒத்துப்போக வாய்ப்பில்லை என்பது அவர் வாதம். ஒரு நல்ல அபிப்பிராயம் மற்ற எல்லா மதிப்பெண்களிலும் கசிந்திருந்தது.

உணவகத்தில் இது வாசலிலேயே நடக்கிறது. அன்பாக வரவேற்ற கடையில் மேஜை ஓரத்து ஈரம் கண்ணில் படாது. முகத்தைத் திருப்பிக்கொண்ட கடையில் நல்ல சூட்டோடு வந்த இட்லிகூட "சுமார்" ஆகிவிடும். இதற்கு நாங்கள் செய்யும் மாற்று எளிது. கடைக்குள் இருக்கும்போது மார்க் போடக் கூடாது. நேரம், எண், பார்த்தது ஆகியவற்றை மட்டும் குறிக்க வேண்டும். மார்க் வெளியே வந்த பிறகு. வரவேற்புப் பகுதியைக் கடைசியில் நிரப்ப வேண்டும்.

அடுத்து வேகம். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு உட்கார முடியாது. ஆனால் இப்போதெல்லாம் சாப்பாட்டைப் படம் எடுக்காதவர்கள் யார்? தண்ணீர் வந்ததும் ஒரு படம், இட்லி வந்ததும் ஒரு படம், பில் வந்ததும் ஒரு படம். ஒவ்வொரு படத்திலும் போன் தானாகவே மணியைப் பதிந்துவிடும். யாருக்கும் சந்தேகம் வராது. எங்கிருந்து எதுவரை அளக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஆர்டர் சொல்லி முடித்த நொடியிலிருந்து தட்டு மேஜையைத் தொடும் நொடி வரை என்று தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் உட்கார்ந்த நேரத்திலிருந்து எண்ணுவார், இன்னொருவர் சப்ளையர் நகர்ந்ததிலிருந்து எண்ணுவார். இரண்டு கிளைகளை ஒப்பிடவே முடியாது.

அன்று தண்ணீர், ஆர்டர், இட்லி, பில் நான்கும் வரம்புக்குள் வந்தன. தோசைக்கு வரம்பு பத்து நிமிடம். வந்தது பதினாறாவது நிமிடத்தில். அந்தக் கேள்விக்குப் பூஜ்யம், ஆக 25-க்கு 20.

இங்கே நிறுத்தினால் தோசை தாமதம், சப்ளையருக்குத் திட்டு, அவ்வளவுதான். ஆனால் அதே தோசைக்குள் இருந்த உருளைக்கிழங்கு மசாலாவில் வெப்பமானிக் கம்பியைச் செருகிப் பார்த்தபோது 62 டிகிரி இருந்தது. ஓரம் மொறுமொறுவென்றிருந்தது. அதாவது தோசை கல்லிலிருந்து எடுத்த கையோடு வந்திருக்கிறது. காத்திருப்பு முழுவதும் கல்லுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. ஞாயிறு காலைக் கூட்டத்துக்கு ஒரு கல் போதவில்லை, அல்லது ஒரு மாஸ்டர் போதவில்லை. அந்தத் தோசை தாமதமாகவும் ஆறிப்போயும் வந்திருந்தால் கதை வேறு: மாஸ்டர் நேரத்துக்கு வார்த்துக் கொடுத்துவிட்டார், தட்டு எடுப்பாரில்லாமல் திண்டின் மேல் கிடந்திருக்கிறது, தூக்க ஆள் இல்லை. சீக்கிரமாக வந்து ஆறிப்போயிருந்தால், கூட்டத்துக்குப் பயந்து முன்கூட்டியே வார்த்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்று குறைக்கும் மூன்று வேறு மருந்து. வேகத்தையும் சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் எது எது என்று தெரியும். இரண்டையும் கூட்டி ஒரு எண்ணாக்கிய உடனே அந்தத் தகவல் போய்விடுகிறது.

சுத்தத்துக்கு ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 7. மேஜை, தரை, தட்டும் டம்ளரும், கை கழுவும் இடம், கழிப்பறை. முதல் மூன்றும் நன்றாக இருந்தன. டம்ளரின் உள்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தோம், பிசுக்கு இல்லை. கை கழுவும் இடத்தில் சோப்பு தீர்ந்திருந்தது. தண்ணீர் வந்தாலும், சுவர் பளபளத்தாலும் அந்தக் கேள்விக்கு அரை மார்க்கும் கிடையாது. ஏனென்றால் கேள்வி "சோப்பு இருந்ததா" என்பது.

கழிப்பறைதான் தகராறு. கதவில் "வேலை நடக்கிறது" என்று தாள் ஒட்டியிருந்தது. உள்ளே டைல்ஸ் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். இதற்கு என்ன போடுவது? பூஜ்யம் போட்டால் மொத்தம் 100-க்கு 66. "பொருந்தாது" என்று குறித்து அந்த 7 மார்க்கைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டால் 93-க்கு 66, அதாவது நூற்றுக்கு 71. எழுபதுக்கு மேல் வாங்கினால் கிளைக்கு ஊக்கத்தொகை என்று வைத்திருக்கும் நிறுவனத்தில், ஒரு கட்டத்தில் இடும் ஒரு குறி இருபது பேர் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது.

என் வழக்கம் இது: உண்மையிலேயே பழுது பார்க்கிறார்கள் என்றால் கணக்கிலிருந்து எடுத்துவிடுவேன். பூட்டு தொங்கி, "சாவி சூப்பர்வைசர்கிட்ட இருக்கு, அவர் வெளிய போயிருக்கார்" என்றால் அது பூஜ்யம். இந்த வேறுபாடு தணிக்கையாளரின் தயவில் இருக்கக் கூடாது, தாளின் அடியில் விதியாக அச்சிட்டிருக்க வேண்டும். மேலாளர்கள் சிலர் விஷயம் தெரிந்தவர்கள்; "வேலை நடக்கிறது" தாளை எடுத்து வைத்திருந்து தேவைப்படும்போது ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் அடுத்த வருகையிலும் அதே தாள் ஒட்டியிருந்தால் அது பூஜ்யம் என்று இன்னொரு விதி.

இனி சூடு. இட்லிக்கும் தோசைக்கும் காபிக்கும் தலா 5, சாம்பாருக்கு 10. முதலில் அளக்கும் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். துப்பாக்கி மாதிரி பிடித்துக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி பலரிடம் இருக்கிறது. கடைக்காரர்கள் சோதனைக்கு அதை நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். ஆவி பறக்கும் குழம்பின் மேல்பரப்பு உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்திருக்கும். பளபளக்கும் எவர்சில்வர் கிண்ணத்தைக் காட்டினாலோ எண் முழுக்கப் பொய். மினுக்கும் உலோகம் தன் வெப்பத்தைச் சரியாக வெளிவிடாது, சுற்றுப்புறத்தைத்தான் பிரதிபலிக்கும். எங்களுக்குத் தேவை பேனா அளவில், முனை மெல்லியதான கம்பி வெப்பமானி. கிளம்பும் முன் ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, நடுவில் கம்பியை வைத்துப் பார்க்க வேண்டும். பூஜ்யம் காட்ட வேண்டும். கொதிக்கும் நீரில் வைத்து நூறு பார்ப்பதும் உண்டு. ஆனால் ஊட்டியில் செய்தால் தொண்ணூற்று மூன்று பக்கத்தில்தான் காட்டும், கருவியைக் குறை சொல்லக் கூடாது; அவ்வளவு உயரத்தில் தண்ணீர் அங்கேயே கொதித்துவிடும். கம்பியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, சுவரோர மேஜையில் மெனு அட்டையை நிறுத்தி அதன் மறைவில் அளக்கலாம்.

இட்லி நடுவில் 66. காபி, டபராவில் ஒரு முறை ஆற்றிய பிறகு 63. காபிக்கு எங்கள் தாளில் மேல்வரம்பும் உண்டு. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல், 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை அந்தச் சூட்டிலேயே குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகலாம் என்று வகைப்படுத்தியது. டபராவும் டம்ளரும் வைத்து ஆற்றிக் குடிக்கும் நம் வழக்கத்தில் ஐந்தாறு டிகிரி தானாகக் குறைந்துவிடுகிறது. காகிதக் கப்பில் மூடி போட்டுக் கொடுக்கும் கடைகள்தான் கவனிக்க வேண்டும்.

சாம்பாருக்கு வருவோம். இட்லியோடு வந்த கிண்ணத்தில் 49. விதி என்ன? சூடாகப் பரிமாற வைத்திருக்கும் உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டல். இங்கிலாந்தில் அது 63, அமெரிக்க உணவு விதித்தொகுப்பில் 57. எண்கள் கொஞ்சம் வேறுபட்டாலும் காரணம் ஒன்றுதான். பருப்பும் மசாலாவும் கலந்து பெரிய பாத்திரத்தில் செய்யும் குழம்புகளில், கொதித்தாலும் சாகாத வித்துகளாகச் சில பாக்டீரியாக்கள் ஒளிந்திருக்கும். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் அவற்றில் ஒன்று. குழம்பு ஆறத் தொடங்கியதும் அவை முளைக்கும். 43 முதல் 47 டிகிரியில் மிக வேகமாகப் பெருகும். அறுபதுக்கு மேல் வைத்திருந்தால் அந்த வாய்ப்பே கிடையாது.

ஆனால் அவசரப்பட்டுப் பூஜ்யம் போட்டுவிட முடியாது. 60 என்பது வைத்திருக்கும் பாத்திரத்துக்கான விதி. நான் அளந்தது என் கிண்ணத்தில். ஏசி ஹாலில் குளிர்ந்து கிடந்த எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டு கரண்டி சாம்பார் விழுந்தால் முதல் நிமிடத்திலேயே பல டிகிரி இறங்கிவிடும். வாளியில் 62 இருந்து என் கிண்ணத்தில் 49 ஆகியிருக்கலாம். மாறுவேடத்தில் வந்தவன் வாளிக்குள் கம்பியை விட முடியாது. அப்போது செய்வது, இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்பது. கிண்ணம் ஏற்கெனவே சூடேறியிருக்கிறது. வாளியிலிருந்து நேரே ஊற்றுகிறார்கள். ஊற்றிய உடனே அளக்கலாம். இரண்டாவது அளவு 52. கிண்ணத்தின் குற்றம் கழிந்த பிறகும் இவ்வளவுதான் என்றால் வாளியே அறுபதுக்குக் கீழே என்று சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. அந்த 10 மார்க்கும் போயிற்று. சூட்டுக்கு 25-க்கு 15.

இப்போது கூட்டிப் பாருங்கள். பத்து, இருபது, இருபத்தொன்று, பதினைந்து. 66. கழிப்பறையை எடுத்துவிட்டால் 71 சதவீதம். அந்த நிறுவனத்தின் அளவுகோலில் அது "நன்று". ஊக்கத்தொகையும் உண்டு.

என் சண்டை இங்கேதான். மேஜை துடைத்ததற்கும், "வாங்க" என்றதற்கும் வாங்கிய மார்க், ஆறிப்போன சாம்பாரின் மார்க்கை ஈடுகட்டுகிறது. ஒன்றுக்கொன்று ஈடாகக்கூடியவற்றைத்தான் கூட்டலாம். சப்ளையர் சற்று விறைப்பானவர், ஆனால் சீக்கிரம் கொண்டுவந்தார் என்றால் வாடிக்கையாளர் மன்னித்துவிடுவார். அது ஈடு. சாம்பாரில் கிருமி பெருகினால் எந்தச் சிரிப்பும் ஈடாகாது. சில நிறுவனங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன: பாதுகாப்புக் கேள்வியில் தவறினால் மொத்தம் எவ்வளவு வந்தாலும் 50-க்கு மேல் போகக் கூடாது என்று மூடி போடுவார்கள். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. ஐம்பது என்ற எண்ணைப் பார்த்தால் நான்கும் கெட்டுப்போன கடை மாதிரி தெரியும்; மேஜை துடைத்த கிளீனருக்குச் செய்யும் அநியாயம் அது. நான் 71-ஐ அப்படியே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் "தரம் நிறுத்திவைக்கப்பட்டது, சமையலறை ஆய்வு தேவை" என்று எழுதுவேன். ஆய்வு முடியும் வரை "நன்று"ம் கிடையாது, "மோசம்" என்ற பேரும் கிடையாது.

சொல்லிவிட்டுப் போகும் ஆய்வு பிறகு நடந்தது. அதே நேரம், ஒன்பது மணி. சமையலறை அண்டாவில் சாம்பார் 82 டிகிரி, குறையே இல்லை. கீழே பொது ஹால் வாளியில் 67. அங்கே கூட்டம் அதிகம், வாளி சீக்கிரம் காலியாகிறது, அடிக்கடி புதிதாக நிரம்புகிறது. மாடி ஏசி ஹால் வாளியில் 54. மேஜைகள் குறைவு, சாம்பார் மெதுவாக இறங்குகிறது, மூடி இல்லை, ஏசிக் காற்று நேராக அடிக்கும் இடத்தில் வைத்திருந்தார்கள். பாதி தீர்ந்ததும் மேலே ஊற்றி நிரப்பிவிடுவதால், அடியில் இருக்கும் சாம்பார் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. கூடுதல் விலை கொடுத்து மாடியில் சாப்பிடுகிறவருக்குத்தான் ஆறிய சாம்பார்.

உண்மையைச் சொன்னால், 54 டிகிரி சாம்பாரை அரைமணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆபத்து, பதினோரு மணிக்கு வாளியில் மிஞ்சியதைத் திரும்ப அண்டாவில் கொட்டி மதியச் சாப்பாட்டுக்குத் தொடர்வதில் இருக்கிறது. சாப்பிட வந்தவனுக்கு அந்த வாளி எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பது தெரியாது. அதனால்தான் சந்தேகத்தின் பலனை இந்த ஒரு கேள்வியில் மட்டும் கடைக்குத் தராமல், சாப்பிடுகிறவர் பக்கம் தருகிறோம்.

அங்கே செய்த மாற்றம் செலவில்லாதது. மாடிக்குப் பாதி வாளி மட்டும், மூடி போட்டது, மேலே ஊற்றுவது கிடையாது, காலியான வாளி கீழே போய்க் கழுவி வேறு வாளி வரும், அரைமணிக்கு மேல் நின்றதைக் கொட்டிவிட வேண்டும், அண்டாவுக்குத் திரும்பக் கூடாது. ஏசி ஹால் கிண்ணங்களை வெந்நீரில் போட்டு வைத்து எடுப்பது என்று சரக்கு மாஸ்டரே ஒரு யோசனை சொன்னார். அது தாளில் இல்லாத நல்ல யோசனை.

கடைசியாக, இந்த எண்ணை யாரிடம் காட்டுவது என்பது. ஒரு வருகை என்பது ஒரு மேஜை, ஒரு சப்ளையர், ஒரு மணி நேரம். ஒரு சோப்புக்கு 7 மார்க் போகும் தாளில், இந்தக் கிளை 74, அந்தக் கிளை 71 என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. வித்தியாசம் ஒரு கேள்வியின் மார்க்கைவிடக் குறைவாக இருந்தால் இரண்டும் சமம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வார நாள் காலை, ஞாயிறு காலை, இரவு என்று வெவ்வேறு நேரத்தில் பார்த்த பிறகு ஒப்பிடுங்கள்.

சப்ளையர் பேரைப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். மாடியில் எங்களுக்குப் பரிமாறியவருக்குச் சாம்பாரும் தோசையும் சேர்த்து 15 மார்க் போயிற்று. அதில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை, ஒன்று கல்லில், மற்றது வாளியில். இப்படி நாலு பேருக்குச் சம்பளம் பிடித்தீர்கள் என்றால் உங்கள் ஆட்கள் கடையைச் சரிசெய்வதை விட்டுவிட்டு எங்களைக் கண்டுபிடிக்கப் பழகிவிடுவார்கள். பில் வரைக்கும் படம் எடுக்கிறவர், ஆர்டருக்கு முன்னால் கழிப்பறைக்குப் போகிறவர், சாம்பார் இரண்டாம் முறை கேட்டுவிட்டுச் சாப்பிடாதவர். அவருக்கு மட்டும் சமையலறையிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தனிக் கிண்ணம் வரும், தாளில் 95 விழும், பக்கத்து மேஜையில் 49-தான் இருக்கும்.